120 கோடி பதிவுகளின் நகலை 3 லட்சம் பதிவுகளைக் கொண்டு சரிபார்த்த அனுபவம்

பேருந்துப் பயணச்சீட்டு விற்பனைப் பதிவுகள் அடங்கிய ஒரு பெரிய அட்டவணையை, பழைய மைஎஸ்கியூஎல் சர்வரிலிருந்து புதிய போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு மாற்றும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. அதில் ஏறத்தாழ 120 கோடி பதிவுகள் இருந்தன; ஒரு பதிவுக்குச் சராசரியாக 180 பைட் என்று வைத்தால், மொத்தம் 216 ஜிபி. நகலெடுக்கும் வேலை மூன்று நாளில் முடிந்துவிட்டது. நகல் மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்திட வேண்டிய பொறுப்பு என்னுடையதாக இருந்ததால், அதற்கு நான் செய்தவற்றை, பிழைபட்ட இடங்களையும் சேர்த்து, இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் எண்ணியது இயல்பான வழியைத்தான்: இரண்டு பக்கமும் ஒவ்வொரு பதிவாக எடுத்து, பைதான் நிரலில் புலம் புலமாக ஒப்பிடுவது. ஒரு சிறிய பகுதியில் ஓட்டிப் பார்த்தபோது வினாடிக்கு 6,000 பதிவுகளுக்கு மேல் போகவில்லை. அந்த வேகத்தில் 120 கோடிக்கு 2 லட்சம் வினாடிகள், அதாவது 55 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பழைய சர்வரில் விற்பனை இன்னும் நடந்துகொண்டிருந்ததால், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மட்டுமே அதைத் தொட எங்களுக்கு அனுமதி. கணக்குப்படி பத்து இரவுகள் தேவை. கையில் இருந்தவை இரண்டு.

ஒவ்வொரு பதிவுக்கும் `MD5` கணக்கிட்டு, பகுதி பகுதியாக அதைத் திரட்டி ஒப்பிடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதையும் முயன்றோம். 10 லட்சம் ஐடிகள் கொண்ட ஒரு பகுதிக்குப் பழைய சர்வர் 40 வினாடி எடுத்துக்கொண்டது. ஐடி எண்கள் 128 கோடி வரை போயிருந்ததால் மொத்தம் 1,280 பகுதிகள், ஆகவே 14 மணி நேரம் ஆகும், அதுவும் பழைய சர்வரின் சிபியுவை முழுக்க விழுங்கிக்கொண்டு. மேலும், தேதியையோ தசம எண்ணையோ இரண்டு டேட்டாபேஸ்களும் எழுத்தாக மாற்றும் விதத்தில் ஒரு சிறு வேறுபாடு இருந்தாலே 1,280 பகுதிகளும் பிழை என்று வந்து நிற்கும். எந்தப் பதிவில் என்ன பிழை என்பதை அது சொல்லாது. சர்வருக்கு மூச்சுவிட இடமும் போதிய நேரமும் இருந்திருந்தால் அந்த வழியையே தேர்ந்திருப்பேன். இரண்டும் இல்லாததால்தான் சமவாய்ப்பு மாதிரிக்கு வந்தோம்.

எத்தனை பதிவுகளை எடுப்பது என்ற பேச்சு அரைநாளைத் தின்றது. ஒரு சதவீதமாவது எடுக்க வேண்டும் என்று நிதிப் பிரிவு அதிகாரி சொன்னார். ஒரு சதவீதம் என்றால் 1 கோடியே 20 லட்சம் பதிவுகள், அவ்வளவும் தேவையில்லை. மாதிரியின் வலு, அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதில் இல்லை, எத்தனை பதிவுகள் என்பதில்தான் இருக்கிறது. அண்டாவில் இருக்கும் குழம்பின் உப்பைப் பார்க்க அண்டாவின் அளவுக்கேற்ற கரண்டி தேவையில்லை; நன்றாகக் கலக்கிவிட்டு எடுத்தால் ஒரு கரண்டி போதும். ஆனால் அந்த 'நன்றாகக் கலக்கிவிட்டு' என்பதை டேட்டாபேஸில் நிறைவேற்றுவதுதான் கடினமான பகுதி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு லட்சம் பதிவுகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் பிழை பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமவாய்ப்பில் எடுக்கும் ஒரு பதிவு சரியானதாக இருக்கும் வாய்ப்பு 0.99999. அப்படி 3 லட்சம் பதிவுகளை எடுத்து, அத்தனையும் சரியானவையாகவே அமைந்துவிடும் வாய்ப்பு 0.99999-இன் 3,00,000-ஆம் அடுக்கு. அது ஏறக்குறைய 0.05. ஆகவே 3 லட்சம் பதிவுகளில் ஒரு பிழைகூட வரவில்லை என்றால், பிழை வீதம் லட்சத்துக்கு ஒன்றைவிடக் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். பிழையே வராதபோது 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் பிழை வீதத்தின் மேல்வரம்பு கிடைக்கும் என்ற எளிய சூத்திரம் இதிலிருந்து வந்ததுதான். மொத்தம் 12 கோடியாக இருந்தாலும் 120 கோடியாக இருந்தாலும் வீதத்துக்கு அதே விடைதான்.

இதன் மறுபக்கத்தையும் அன்றே அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். 120 கோடியில் லட்சத்துக்கு ஒன்று என்றால் 12,000 பதிவுகள். பிழையே வராத ஒரு மாதிரியும் அந்த 12,000 வரையிலான பிழைகளை இல்லை என்று உறுதிசெய்யாது. அதைவிட முக்கியமாக, பிழை பரவலாக இல்லாமல் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மாதிரி எளிதில் ஏமாந்துவிடும். எங்கள் ஏற்றும் நிரல் 2,000 பதிவுகளை ஒரு கட்டாக அனுப்பியது. ஒரே ஒரு கட்டு தொலைந்திருந்தால், 3 லட்சம் பதிவுகள் கொண்ட மாதிரியில் அதிலிருந்து சராசரியாக அரைப் பதிவுதான் விழும். 100-க்கு 60 தடவை ஒன்றுகூட விழாது. தொலைந்த கட்டைத் தேட மாதிரி சரியான கருவி அல்ல. அதற்கு எண்ணிக்கைதான் வேண்டும்.

ஆகவே முதல் இரவில் மாதிரியைத் தொடவே இல்லை. ஐடி எண்களை 10 லட்சம் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கட்டணக் கூட்டுத்தொகையையும் இரண்டு பக்கமும் எடுத்தோம்.

```sql
SELECT COUNT(*), SUM(fare) FROM tickets
WHERE id BETWEEN 412000001 AND 413000000;
```

பதிவுகள் நெட்வொர்க்கில் பயணிக்காமல் சர்வருக்குள்ளேயே கூட்டப்படுவதால், பழைய சர்வரிலேயே ஒரு பகுதிக்கு 4 வினாடிதான் ஆனது; மொத்தமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 1,280 பகுதிகளில் 1,279 ஒத்துப்போயின. ஒன்றில் மட்டும் சரியாக 2,000 பதிவுகள் குறைந்தன. உருண்டையான அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் விளங்கிவிட்டது: ஏற்றத்தின்போது இணைப்பு ஒருமுறை அறுந்திருக்கிறது, மீண்டும் இணைந்த நிரல் விட்ட கட்டிலிருந்து தொடங்காமல் அடுத்த கட்டிலிருந்து தொடங்கியிருக்கிறது. நிரலின் லாக் கோப்பிலும் அந்த நேரத்தில் இணைப்புப் பிழை இருந்தது. அந்தக் கட்டை மறுபடி ஏற்றினோம்.

அடுத்து, மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறை. பலரும் முதலில் எழுதுவது `ORDER BY RAND() LIMIT 300000` என்பதாகும். அது 120 கோடிப் பதிவுகளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து அவற்றை வரிசைப்படுத்தப் பார்க்கும் என்பதால் பெரிய அட்டவணையில் பயன்படாது. போஸ்ட்கிரெஸில் `TABLESAMPLE SYSTEM` வேகமானது, ஆனால் அது பதிவுகளைத் தேர்வதில்லை, வட்டில் உள்ள பக்கங்களைத் தேர்ந்து அப்பக்கத்தில் இருக்கும் எல்லாப் பதிவுகளையும் எடுத்துக்கொள்கிறது. அடுத்தடுத்து விற்ற சீட்டுகள் ஒரே பக்கத்தில் கிடப்பதால் அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். 3 லட்சம் என்று பெயர் இருந்தாலும் அதன் வலு மிகவும் குறைவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நகலிலிருந்து மாதிரி எடுத்தால் நகலில் இல்லாத பதிவு ஒருபோதும் மாதிரிக்குள் வராது. வராமல் போனதைத் தேடுபவர், வந்து சேர்ந்தவற்றின் பட்டியலில் அதைத் தேட முடியாது.

அதனால் இரண்டு டேட்டாபேஸ்களையும் சாராமல், ஐடி எண்களை வெளியே தேர்ந்தெடுத்தேன்.

```python
import random
random.seed(20417)
ids = sorted(random.sample(range(1, 1_280_000_001), 320_000))
```

இதில் 3,20,000 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. ஐடி 128 கோடி வரை போயிருந்தது, பதிவுகளோ 120 கோடிதான். ரத்தான பரிவர்த்தனைகளும் பழைய சோதனைப் பதிவுகளின் நீக்கமும் நடுவில் இடைவெளிகளை விட்டிருந்தன. இடைவெளியில் விழுந்த எண்ணுக்குப் பதிலாக அதற்கடுத்த பதிவை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு (`WHERE id >= 77123 ORDER BY id LIMIT 1` என்பது போல). அப்படிச் செய்தால், பெரிய இடைவெளியை ஒட்டியிருக்கும் பதிவு மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிக வாய்ப்பைப் பெற்றுவிடும், அப்போது அது சமவாய்ப்பு ஆகாது. நான் இடைவெளியில் விழுந்தவற்றை அப்படியே விட்டுவிட்டேன். எதிர்பார்த்தபடி 3 லட்சம் அளவில் பதிவுகள் கிடைத்தன. எஞ்சிய ஏறத்தாழ 20,000 எண்களும் வீணாகவில்லை, மூலத்தில் இல்லாத ஐடி நகலிலும் இல்லை என்பதை அவற்றைக் கொண்டு பார்த்துக்கொண்டேன். எண்களை வரிசைப்படுத்தி, ஒரு வினவலுக்கு 500 ஐடிகள் வீதம் `IN` பட்டியலாக அனுப்பினேன். வரிசைப்படுத்தாமல் அனுப்பினால் பழைய சர்வரின் சுழலும் வட்டு முன்னும் பின்னும் அலையும்.

`random.seed`-இல் கொடுத்த விதை எண்ணை ஓட்டத்துக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி, உடன் பணிபுரிபவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். விளைவு பிடிக்கவில்லை என்று வேறொரு விதையைப் போட்டு மறுபடி ஓட்டும் சபலம் எனக்கும் வரக்கூடும் என்பதுதான் காரணம்.

முழு மாதிரிக்கு முன் 200 பதிவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இருநூறும் பிழை என்று வந்தது. எல்லாவற்றிலும் `issued_at` சரியாக ஐந்தரை மணி நேரம் விலகியிருந்தது. மைஎஸ்கியூஎல் தன் `TIMESTAMP` புலத்தை உள்ளே யுடிசியில் வைத்துக்கொண்டு, காட்டும்போது அந்த இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். பழைய பக்கத்து இணைப்பு இந்திய நேரத்திலும் புதிய பக்கத்து இணைப்பு யுடிசியிலும் இருந்தன. நகலில் பிழை இல்லை, என் ஒப்பிடும் நிரலில்தான். இரண்டு பக்கமும் யுடிசி என்று அமைத்தபின் 200-உம் ஒத்தன.

```sql
SET time_zone = '+00:00';   -- MySQL
SET TIME ZONE 'UTC';        -- PostgreSQL
```

ஒப்பிடும் நிரல் இல்லாத பிழையைச் சொன்னால் தெரிந்துவிடும். இருக்கும் பிழையைச் சொல்லாமல் விட்டால் எப்படித் தெரியும்? அதற்காக 1,000 பதிவுகளைத் தனியே ஒரு தற்காலிக அட்டவணையில் வைத்து, உடன் பணிபுரிபவரை அதில் 20 இடங்களில் வேண்டுமென்றே கெடுக்கச் சொன்னேன். எங்கே கெடுத்தார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு கட்டணத்தில் ஒரு பைசா, ஒரு குறிப்பின் கடைசியில் ஓர் இடைவெளி, ஓர் ஊர்ப் பெயரில் ஒற்றுக்கு மேல் இருக்கும் புள்ளி என்று ரசித்தே கெடுத்திருந்தார். நிரல் 19-ஐக் கண்டுபிடித்தது. தப்பிய ஒன்று, `NULL` ஆக இருந்த குறிப்பை அவர் வெற்றுச் சரமாக மாற்றிய பதிவு. என் நிரலில் ஓர் இடத்தில் `row[4] or ''` என்று எழுதியிருந்தேன். அந்த நான்கெழுத்துச் சோம்பல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. திருத்திய பிறகு 20-உம் சிக்கின. இந்தச் சோதனையைச் செய்யாமல் வந்திருக்கும் 'பிழை இல்லை' என்ற விடையை நான் நம்பியிருக்கமாட்டேன்.

இரண்டாம் இரவு முழு மாதிரியை ஓட்டினோம். 640 வினவல்கள், 47 நிமிடங்கள். விடை: 37 பதிவுகளில் வேறுபாடு. ஐடி காணாமல் போனதோ கூடுதலாக வந்ததோ இல்லை. முப்பத்தேழும் `remarks` என்ற ஒரே புலத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று இப்படி இருந்தது:

```
MySQL      : PASS 45\2
PostgreSQL : PASS 45\\2
```

பேக்ஸ்லாஷ் இரட்டிப்பாகியிருந்தது. பழைய பக்கத்தில் `SELECT ... INTO OUTFILE` கொண்டு, காற்புள்ளியால் பிரித்து, புலங்களை மேற்கோளுக்குள் இட்டுக் கோப்புகளை எழுதியிருந்தோம். அந்தக் கட்டளை, நாம் வேறாகச் சொல்லாதவரை, பேக்ஸ்லாஷை எஸ்கேப் எழுத்தாகக் கொண்டு ஒரு பேக்ஸ்லாஷை இரண்டாக எழுதும். போஸ்ட்கிரெஸின் `COPY`, `FORMAT csv` என்று சொன்னால், பேக்ஸ்லாஷுக்கு எந்தச் சிறப்பும் தருவதில்லை. கோப்பில் இரண்டு இருந்தால் இரண்டையும் அப்படியே உள்ளே வைத்துவிடும். எழுதியவரின் வழக்கு ஒன்று, வாசித்தவரின் வழக்கு வேறு. `NULL` மதிப்புகள் கோப்பில் `\N` என்று வரும் என்பதை மட்டும் நாங்கள் முன்பே அறிந்து `COPY` கட்டளையில் சொல்லியிருந்தோம். பாதி தெரிந்து வைத்திருந்ததே மீதியைத் தேடாமல் விட்டதற்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. குறிப்புகளில் இரட்டை மேற்கோள்குறி வந்திருந்தால் பெரும்பாலும் ஏற்றமே பிழையோடு நின்று முதல் நாளே விழித்திருப்போம். சீட்டுக் கருவியின் விசைப்பலகையில் அந்தக் குறி இல்லை.

இந்தப் பிழை எண்ணிக்கையில் தெரியாது, கட்டணக் கூட்டுத்தொகையிலும் தெரியாது. பதிவின் உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதே நேரம் பிழையான பதிவுகள் ஆண்டுகள் தோறும் சிதறிக் கிடந்ததால் மாதிரி அதைத் தவறவிட வழியில்லை. மாதிரி எதற்கு ஏற்றது, எண்ணிக்கை எதற்கு ஏற்றது என்பது அந்த இரண்டு இரவுகளிலேயே எனக்குப் பிரிந்து தெரிந்தது.

37-ஐக் கொண்டு மொத்தத்தையும் மதிப்பிடலாம். 3 லட்சத்தில் 37 என்றால் 120 கோடியில் 1,48,000. மாதிரிக்கே உரிய ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால், 95 சதவீத நம்பிக்கையில் ஏறத்தாழ 1,04,000 முதல் 2,04,000 வரை. காரணம் தெரிந்துவிட்டதால், புதிய சர்வரில் பேக்ஸ்லாஷ் உள்ள பதிவுகளை முழுமையாகவே எண்ண முடிந்தது: 1,39,412. மதிப்பீட்டு எல்லைக்குள் அது வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபின், ஒரு சதவீதம் கேட்ட அதிகாரி அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

திருத்தும்போது மாதிரியில் சிக்கிய 37 பதிவுகளை மட்டும் கையால் திருத்திவிட்டு, அதே மாதிரியை மறுபடி ஓட்டினால் பிழை பூஜ்யம் என்றுதான் வரும். அதற்குப் பொருளே இல்லை. நாங்கள் `remarks` புலத்தில் இரட்டைப் பேக்ஸ்லாஷை ஒற்றையாக்கும் கட்டளையை 1,39,412 பதிவுகளுக்கும் ஓட்டினோம். ஏற்றும் நிரலின் `COPY` கட்டளையிலும் `ESCAPE '\'` என்பதைச் சேர்த்தோம், இனி வரும் தினசரிக் கோப்புகளுக்காக. பிறகு புதிய விதை எண், புதிய 3,20,000 ஐடிகள்.

அந்த இடைவேளையில் இன்னொரு குறையையும் சரிசெய்தேன். பணம் திருப்பித் தந்த பதிவுகள், எதிர்மறைக் கட்டணம் கொண்டவை, மொத்தமே 90,000 இருந்தன. 3 லட்சம் பதிவுகள் கொண்ட பொது மாதிரியில் அவற்றின் பங்கு 22 அல்லது 23 பதிவுகள்தான். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தணிக்கையாளர்கள் முதலில் பார்ப்பதோ அவற்றைத்தான். பழைய சர்வரில் பரிவர்த்தனை வகைக்கு இண்டெக்ஸ் இருந்ததால், அந்த 90,000 ஐடிகளையும் மூலத்திலிருந்தே எடுத்து, அவற்றிலிருந்து 3,000-ஐத் தனி மாதிரியாகத் தேர்ந்தேன். நகலிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்திருந்தால், எதிர்மறைக் குறியை இழந்து வந்து சேர்ந்த பதிவுகள் பட்டியலிலேயே இருந்திருக்காது.

இரண்டு மாதிரிகளிலும் பிழை வரவில்லை. அன்று இரவு 3 மணிக்கே வேலை முடிந்தது. அறிக்கையில் 'நகல் சரியாக உள்ளது' என்று எழுதவில்லை. 10 லட்சம் ஐடிகள் கொண்ட 1,280 பகுதிகளிலும் பதிவு எண்ணிக்கையும் கட்டணக் கூட்டுத்தொகையும் ஒத்துள்ளன என்றும், சமவாய்ப்பில் எடுத்த 3 லட்சம் பதிவுகளில் எல்லாப் புலங்களும் ஒத்துள்ளன என்றும், ஆகவே பரவலான பிழை ஏதும் எஞ்சியிருந்தால் அது 95 சதவீத நம்பிக்கையில் 12,000 பதிவுகளுக்கு மேல் இராது என்றும், பணம் திருப்பிய பதிவுகளில் அந்த வரம்பு 90 என்றும் எழுதினேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 12,000 பதிவுகள் தப்பா சார்?" என்று கேட்டார். தப்பு என்று ஒன்றும் தென்படவில்லை, தென்படாமல் இருக்கக்கூடியதன் உச்சவரம்பு அது என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, பழைய சர்வரை எழுத முடியாதபடி பூட்டி மூன்று மாதம் வைத்திருங்கள் என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு விதை எண்களையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக் கோப்பை மூடினேன்.